விற்பனை இரவில் பதில் நேரம் ஏறியது: சோதனையாளர்தான் பொறுப்பா?

ஊவாக்காரன், 20 ஒக்டோபர் 2024, இரவு 9.14

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு நவம்பர் 11 விற்பனை தொடங்கியதும் ஓர் இணையக் கடை கால் மணி நேரம் தவித்த கதையை எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். 2,000 பேரைத் தாங்கும் என்று சுமைச் சோதனை அறிக்கை இருந்ததாம். நொடிக்கு ஐந்து பேர் பொருள் வாங்க வந்ததற்கே தளம் விழுந்துவிட்டதாம். என் கருத்து எளியது. அந்த அறிக்கையைக் கொடுத்தவர்தான் பொறுப்பு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

கொட்டகலைக்காரி, 20 ஒக்டோபர் 2024, இரவு 11.02

அந்த அறிக்கையில் இருப்பது என் பெயர். கடையின் பெயரை எழுத மாட்டேன், மற்றதை எழுதுகிறேன்.

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் லயத்தில் சன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் நிலையாக நிற்கும். கைத்தொலைபேசியைக் கம்பியில் கட்டிவைத்து, அதிலிருந்து மடிக்கணினிக்கு இணைப்பு எடுத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்கட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். வெளியே பனி இறங்கி எதிர் லயத்தின் விளக்குகூடத் தெரியவில்லை.

நள்ளிரவில் விற்பனை. முதல் பொருள் அரை விலை ரைஸ் குக்கர், 4,950 ரூபா, மொத்தம் 500. என் வேலை திரையைப் பார்ப்பது. சர்வர்கள் உலக நேரத்தில் ஓடுவதால் வரைபடத்தின் அடியில் 18:30 என்று இருக்கும். நமக்கு அது பன்னிரண்டு மணி.

11.55க்கு `p50` 90 மில்லி நொடி, `p99` 400. அதாவது நூறு பேரில் நடுவில் நிற்பவருக்குக் கண் இமைக்கும் நேரம், கடைசியில் நிற்பவருக்கும் அரை நொடிக்குள். பன்னிரண்டு அடித்து இருபது நொடியில் `p99` ஒன்பது நொடியாகிவிட்டது. `p50` மட்டும் 110 என்று அப்படியே இருந்தது. நான் குரல் அழைப்பில் "ஏறுகிறது" என்றேன். "எல்லோருக்கும் நன்றாகத்தானே வருகிறது" என்று ஒருவர் பதில் சொன்னார்.

அடுத்த அரை நிமிடம் வரைபடம் அமைதியானது. நானும் மூச்சு விட்டேன். அந்த அமைதியை நம்பியதுதான் என் முதல் தவறு. முடிந்த கோரிக்கைகள் மட்டும்தான் வரைபடத்துக்கு வரும். முடியாமல் தொங்குபவை அதில் இருக்கவே இருக்காது. நொடிக்கு எத்தனை முடிந்தன என்பதைக் காட்டும் கோடு அப்போது பாதிக்குக் கீழே போயிருந்தது. அது பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தும் நான் பார்க்கவில்லை.

12.02க்கு `p99` அறுபது நொடியைத் தொட்டு அங்கேயே நின்றது. அறுபது நொடியில் எல்லாக் கோரிக்கையையும் கைவிடும்படி எங்கள் மென்பொருளில் எழுதியிருந்தார்கள். அதனால் அதற்கு மேல் ஏற வழியில்லை. முகப்புப் பக்கம்கூடத் திறக்கவில்லை. சர்வரின் சிபியு 22 சதவீதம். யாரும் வேலை செய்யவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றுதான் அந்த எண்ணுக்குப் பொருள்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பண்டாரவளை வாசகர், 21 ஒக்டோபர் 2024, காலை 7.40

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கனெக்‌ஷன் பூல், அதாவது தரவுத்தளத்தோடு பேசச் சர்வர்கள் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு, சிறியதாக இருந்திருக்கும். ஐம்பதை இருநூறாக்கி, நாலு சர்வர் கூடுதலாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் இடத்தில் அப்படித்தான் செய்தோம், பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.

கொட்டகலைக்காரி, 21 ஒக்டோபர் 2024, இரவு 8.30

பூல் ஐம்பதுதான், சரியாகச் சொன்னீர்கள். ஐந்து சர்வர், ஒவ்வொன்றிலும் பூலை நடத்தும் `HikariCP` என்ற மென்பொருள் தானாக வைக்கும் பத்து. யாரும் அதை மாற்றியிருக்கவில்லை. பதிவேட்டில் இந்த வரி ஆயிரக்கணக்கில் குவிந்தது:

```
HikariPool-1 - Connection is not available, request timed out after 30000ms.
```

நீங்கள் சொன்னதை அன்று நாங்களும் செய்தோம். 12.05க்கு மூன்று சர்வர் கூட்டினோம். எதுவும் மாறவில்லை, காத்திருப்போர் மட்டும் ஐம்பதிலிருந்து எண்பதானார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு பொருளை வாங்கும் வழியைப் பார்க்கவேண்டும். எங்கள் மென்பொருள் முதலில் தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனையைத் திறக்கும். இருப்பு அட்டவணையில் அந்தக் குக்கரின் நிரையில் ஒன்றைக் குறைக்கும். அடுத்து வங்கியின் கட்டண வாயிலை அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும். பணம் வந்ததும் பரிவர்த்தனையை முடிக்கும். ஒன்றைக் குறைத்த கணத்திலிருந்து முடிக்கும் கணம் வரை அந்த நிரை பூட்டப்பட்டிருக்கும். வங்கி 0.8 நொடி எடுத்தால் பூட்டும் 0.8 நொடி. குக்கர் 500 இருந்தாலும் அட்டவணையில் அதற்கு நிரை ஒன்றுதான். ஆகவே நொடிக்கு 1.25 பேர்தான் வாங்க முடியும். வந்தவர்களோ நொடிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு நொடியும் கிட்டத்தட்ட நான்கு பேர் பூட்டின் வாசலில் மிஞ்சுவார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கனெக்‌ஷன் இருக்கும். ஐம்பதும் தீர்வதற்குப் பதின்மூன்று நொடி போதும். அதற்குப் பிறகு முகப்புப் பக்கத்தைப் பார்க்க வந்தவருக்கும் கனெக்‌ஷன் இல்லை.

பூலை இருநூறாக்கியிருந்தால் பதின்மூன்று நொடி ஐம்பத்து மூன்று நொடி ஆகியிருக்கும். அதற்கு மேல் ஒரு பயனும் இல்லை.

தோட்டத்து ஆட்களுக்குப் புரிய வேண்டுமானால், கொழுந்து மடுவத்தில் தராசு ஒன்றுதான். ஒருவரின் கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டபடியே கணக்கப்பிள்ளை தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பி விசாரித்தால், பின்னால் நிற்கும் அத்தனை பேரும் நிற்கவேண்டியதுதான்.

லிந்துலைப் பேரன், 21 ஒக்டோபர் 2024, இரவு 9.55

மடுவத்து உவமை பாதிதான் பொருந்துகிறது. மடுவத்தில் வரிசை நீண்டால் படங்கை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து பேசலாம். அதனால் வேறு யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நீங்கள் சொல்வதில் காத்திருப்பவரே மற்றவர்களின் வழியை மறிக்கிறார். எங்கள் தோட்டத்துக்கு ஒற்றைப் பாதைதான். தொழிற்சாலை வாசலில் கொழுந்து லொறிகள் வரிசையாக நின்றால், தொழிற்சாலைக்கே போகாத பள்ளிக்கூட வானும் பின்னால் நிற்கும். அதுதான் சரியான உவமை. நான் வானுக்குள் இருந்திருக்கிறேன்.

கொட்டகலைக்காரி, 21 ஒக்டோபர் 2024, இரவு 10.10

இனி இதையே சொல்வேன். முகப்புப் பக்கம்தான் அந்தப் பள்ளிக்கூட வான்.

இரு பிள்ளைகளின் தாய், 22 ஒக்டோபர் 2024, பகல் 1.20

பரீட்சை முடிவு வெளியாகும் நாளிலும் இப்படித்தான் ஆகிறது. மகளின் சுட்டெண்ணைப் போட்டுவிட்டு விடியும் வரை சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைநாட்டில் இணைப்பு மோசம் என்பதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன். கொழும்பில் இருக்கும் என் தங்கைக்கு உடனே வந்தது.

கொட்டகலைக்காரி, 22 ஒக்டோபர் 2024, மாலை 6.45

அந்த இரவின் வலி எனக்குத் தெரியும். என் தம்பியின் முடிவுக்காக நானும் விழித்திருந்திருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே நோய் அல்ல. முடிவு பார்ப்பவர் எதையும் மாற்றுவதில்லை. ஒரே முடிவை ஆயிரம் பேர் பார்த்தாலும் யாரும் யாரையும் பூட்டி நிறுத்தவேண்டியதில்லை. அங்கே கூடுதல் சர்வரும், முடிவுகளை முன்கூட்டியே எடுத்துப் பிரதிகளாக வைப்பதும் உண்மையாகவே உதவும். குக்கர் விற்பனையில் ஒவ்வொருவரும் ஒரே எண்ணை மாற்ற வருகிறார்கள்.

இணைப்பும் ஒரு காரணம்தான், ஆனால் வேறு விதத்தில். அதைப் பிறகு எழுதுகிறேன்.

கொட்டகலைக்காரி, 23 ஒக்டோபர் 2024, இரவு 11.30

பூட்டை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது. தரவுத்தளம் `PostgreSQL`. என்ன நடக்கிறது என்று அதனிடமே கேட்கலாம். 12.07க்கு நான் கேட்டது இது:

```
SELECT pid, state, wait_event_type, left(query, 40)
FROM pg_stat_activity
WHERE state = 'active';
```

திரை முழுவதும் `Lock`, `Lock`, `Lock`. எல்லாமே இருப்பைக் குறைக்கும் அதே வரி. எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பூட்டை வைத்திருப்பவர் பட்டியலில் இல்லை. இரண்டு நிமிடம் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். கை விறைத்துப்போயிருந்தது. அம்மா ஒரு கோப்பை தேத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதுகூட எனக்குத் தெரியாது, ஆறிய பிறகுதான் பார்த்தேன்.

12.09க்குக் கடைசி வரியில் இருந்த `WHERE` நிபந்தனையை அழித்துவிட்டு ஓட்டினேன். அப்போதுதான் அது தெரிந்தது. `idle in transaction` என்ற நிலையில் ஒரே ஒரு நிரை. அடுத்த முறை ஓட்டியபோது அதே நிலை, வேறு `pid`. பூட்டை வைத்திருப்பவர் தரவுத்தளத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. வங்கியின் பதிலுக்காக வெளியே காத்திருக்கிறார். வேலை செய்பவர்களை மட்டும் காட்டு என்று நான் கேட்டதால், சும்மா இருந்தபடி எல்லோரையும் நிறுத்தியவர் மறைந்துவிட்டார்.

தரவுத்தளம் பார்க்கும் அண்ணனிடம் சொன்னேன். அனுமதி வாங்க மூன்று நிமிடம் போனது. 12.12க்கு அவர் இதைப் போட்டார்:

```
ALTER ROLE app SET lock_timeout = '2s';
```

பூட்டுக்காக இரண்டு நொடிக்கு மேல் காத்திருப்பவரைப் பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். 12.15க்கு `p99` சரிந்தது, 12.17க்கு ஒரு நொடிக்குக் கீழே வந்தது. அழைப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தரவுத்தளத்தார், 24 ஒக்டோபர் 2024, காலை 5.50

நல்ல விவரிப்பு. ஆனால் கடைசிப் பத்தியை ஏற்க முடியாது.

`ALTER ROLE` புதிதாகத் திறக்கும் கனெக்‌ஷன்களுக்கு மட்டும்தான் செல்லும். பூலில் ஏற்கெனவே திறந்திருந்த எண்பதுக்கும் அது தெரியாது. நீங்கள் சர்வர்களை மறுதொடக்கம் செய்ததாக எழுதவில்லை. செய்யவில்லை என்றால், 12.12க்குப் போட்ட மருந்து 12.15க்கு வேலை செய்திருக்க முடியாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 500 குக்கர், ஒன்றுக்கு 0.8 நொடி. 400 நொடியில், அதாவது 12.07க்குள் எல்லாம் விற்றிருக்கும். இருப்பு பூச்சியமானால் கட்டண வாயிலை அழைக்கும் தேவையே இல்லை, பூட்டும் உடனே விடுபடும். நோய் தானாகவே தீர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசிக் குக்கர் எத்தனை மணிக்கு விற்றது என்று பாருங்கள்.

கொட்டகலைக்காரி, 24 ஒக்டோபர் 2024, காலை 8.15

நாங்கள் மறுதொடக்கம் செய்யவில்லை. ஆனால் 12.09க்கும் பூட்டு இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆகவே 12.07 என்பதும் பொருந்தவில்லை. அன்றைய ஓர்டர் பதிவுகளை எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறேன்.

கொட்டகலைக்காரி, 26 ஒக்டோபர் 2024, இரவு 10.40

பதிவுகள் கிடைத்தன. கடைசிக் குக்கர் விற்றது 12.10 கடந்து 41 நொடிக்கு.

நான் எழுதிய 0.8 நொடி தொடக்கத்தில் மட்டும்தான் உண்மை. கட்டண வாயிலுக்கும் அன்று விற்பனை இரவுதானே. நிமிடங்கள் போகப் போக அதுவும் மெதுவானது, முழு நேரத்துக்கும் சராசரி 1.1 நொடி. 500 பேர் வாங்கினார்கள். இன்னும் 82 பேர் பூட்டைப் பெற்று, வங்கி மறுத்தோ நேரம் முடிந்தோ வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களும் பூட்டை வைத்திருந்தார்கள். 582ஐ 1.1ஆல் பெருக்கினால் 640 நொடி. பத்து நிமிடம் நாற்பது நொடி. கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

அப்படியென்றால் எங்கள் மருந்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேலான நேரத்துக்கு முன்பே நோய் தீர்ந்துவிட்டது. பிறகு ஏன் 12.15 வரை திரை சிவப்பாக இருந்தது? அதையும் பார்த்தேன். எங்கள் `p99` கடைசி ஐந்து நிமிடத்துக் கோரிக்கைகளை வைத்துக் கணக்கிடப்படுவது. நூறில் ஒன்று கெட்டாலே போதும் என்பதால் ஏறும்போது உடனே ஏறிவிடும். இறங்கும்போது பழைய கெட்ட கோரிக்கைகள் அந்த ஐந்து நிமிடத்தை விட்டு வெளியேறும் வரை இறங்காது. 12.10.41உடன் ஐந்து நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஓர் ஆண்டாக நான் இந்தக் கதையை நேர்முகத் தேர்விலும் சொல்லியிருக்கிறேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். "பூட்டைக் கண்டுபிடித்தோம், இரண்டு நொடி எல்லை வைத்தோம், மூன்று நிமிடத்தில் இறங்கியது" என்று. கண்டுபிடித்தது உண்மை. இறங்கியது அதனால் அல்ல. குக்கர் தீர்ந்ததால் இறங்கியது. அந்த அண்ணனுக்கு நேற்றுத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு மணிக்கு என்ன நடந்தது என்று பார்த்தாயா?" என்று கேட்டார்.

கொட்டகலைக்காரி, 27 ஒக்டோபர் 2024, பகல் 12.05

அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு மணிக்கு இரண்டாவது பொருள், அரை விலை மிக்சி, திறந்தது. வந்தவர்கள் அதே நொடிக்கு ஐந்து பேர். `p99` மூன்று நொடிக்கு மேல் போகவில்லை, முகப்புப் பக்கமும் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

`HikariCP` ஒரு கனெக்‌ஷனை முப்பது நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காது, மூடிவிட்டுப் புதியதைத் திறக்கும். 12.12க்குப் போட்ட மருந்து ஏறக்குறைய 12.45க்குள் எல்லாக் கனெக்‌ஷனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். நொடிக்கு ஐந்து பேர், ஒவ்வொருவரும் அதிகம் இரண்டு நொடி என்றால் எந்த நேரத்திலும் வாசலில் நிற்பவர் பத்துப் பேர்தான். எண்பதில் பத்து. வான் போக வழி இருந்தது.

ஆகவே மருந்து வேலை செய்தது. நாங்கள் எந்த விற்பனைக்கு வேலை செய்தது என்று நினைத்தோமோ அதற்கு அல்ல, ஒரு மணி நேரம் கழித்து வந்ததற்கு.

தரவுத்தளத்தார், 27 ஒக்டோபர் 2024, மாலை 4.30

ஒப்புக்கொள்கிறேன். பண்டாரவளை வாசகருக்கு ஒரு சொல். பூலைப் பெருக்கினால் தீரும் என்பது தவறு. ஆனால் உலாவுபவர்களுக்கு ஒரு பூல், வாங்குபவர்களுக்கு வேறு பூல் என்று பிரித்திருந்தால் அன்று முகப்புப் பக்கம் பிழைத்திருக்கும். குக்கர் வாங்க வந்தவர்கள் மட்டும் தவித்திருப்பார்கள். உங்கள் எண்ணம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

ஊவாக்காரன், 27 ஒக்டோபர் 2024, இரவு 9.00

எல்லாம் சரி. என் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. 2,000 பேர் என்ற எண் எங்கிருந்து வந்தது?

கொட்டகலைக்காரி, 27 ஒக்டோபர் 2024, இரவு 11.50

என் சோதனையில் 2,000 பாவனைப் பயனர்கள், கடையில் 4,000 பொருள்கள். ஒவ்வொரு பயனரும் ஏதாவது ஒரு பொருளைக் கண்ணை மூடி எடுப்பார். ஒரே நேரத்தில் இருவர் ஒரே பொருளைத் தொடுவது அபூர்வம். தொட்டாலும் எங்கள் போலி வங்கி 50 மில்லி நொடியில் "சரி" என்று சொல்லிவிடும், பூட்டு உடனே விடுபடும். பொருள்களைப் பரப்பிப் போட்டதும் வங்கியை வேகமாக வைத்ததும் நான்தான். இரண்டுமே வசதிக்காகச் செய்தவை. எந்தப் பொருள் விற்பனைக்கு வருகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், அதற்கான விளம்பரம் ஹட்டன் பஸ்ஸில்கூட ஒட்டியிருந்தது. அது சோதனைத் தரவில் வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதாக ஒன்று. என் பாவனைப் பயனர் ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பார். தளம் மெதுவானால் அவரும் மெதுவாகிவிடுவார், சுமையும் தானாகக் குறைந்துவிடும். உண்மையான ஆட்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. வராவிட்டால் மறுபடி அழுத்துவார்கள், புதியவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆகவே ஊவாக்காரனுக்கு என் பதில்: ஆம், என் பொறுப்பும் உண்டு. பூட்டைப் பிடித்துக்கொண்டு வங்கியை அழைக்கும்படி எழுதியவருக்கும், அதை மேற்பார்வை செய்து ஏற்றவருக்கும் உண்டு. எவ்வளவு பங்கு யாருக்கு என்பதை என்னால் பிரிக்க முடியவில்லை.

ஊவாக்காரன், 28 ஒக்டோபர் 2024, காலை 6.20

பொறுப்பு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் எழுதியவரையும் சேர்த்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிழை எழுதப்படும் என்பதற்காகத்தானே சோதனை?

கொட்டகலைக்காரி, 29 ஒக்டோபர் 2024, இரவு 9.25

இணைப்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அந்த இரவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும்.

எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டு அக்கா அந்த இரவு அதே குக்கருக்காக விழித்திருந்தார். தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணத்தை மகனின் வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். எனக்கு அப்போது தெரியாது. காலையில் வந்து கைத்தொலைபேசியைக் காட்டினார். வங்கியிலிருந்து 4,950 ரூபா எடுத்ததாகக் குறுஞ்செய்தி. கடையில் ஓர்டர் இல்லை.

நடந்தது இதுதான். அவருடைய கோரிக்கை ஐம்பத்தொன்பது நொடி பூட்டின் வாசலில் நின்றது. முறை வந்ததும் வங்கியை அழைத்தது. அந்த நொடியில் அறுபது நொடி எல்லை முடிந்து, பரிவர்த்தனை கைவிடப்பட்டு, குக்கர் இருப்புக்குத் திரும்பிவிட்டது. வங்கிக்கு அது தெரியாது, பணத்தை எடுத்துவிட்டது. அந்த 82 பேரில் அவரும் ஒருவர். பணம் திரும்ப ஒன்பது நாள் ஆனது. அதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது.

அவருக்கு நான் விளக்கிச் சொல்ல முயன்றேன். "நீயும் அந்தக் கடையில்தானே வேலை செய்கிறாய், பிள்ளை?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது வாங்கும் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டோம். முதலில் ஒரு குறுகிய பரிவர்த்தனை: ஒன்றைக் குறைத்து, இவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியது என்று எழுதி, முடித்துவிடும். பூட்டு நான்கு மில்லி நொடிதான் இருக்கும். வங்கியை அதற்கு வெளியே அழைக்கிறோம். பணம் வந்தால் இன்னொரு குறுகிய பரிவர்த்தனை. வராவிட்டால் பத்து நிமிடம் கழித்து அந்தப் பொருள் இருப்புக்குத் திரும்பும். பணம் எடுத்து ஓர்டர் இல்லாதவர்களை மணிக்கொருமுறை வங்கிப் பதிவோடு ஒப்பிட்டுத் தேடுகிறோம்.

லிந்துலைப் பேரன், 30 ஒக்டோபர் 2024, இரவு 7.15

இரண்டு நொடி எல்லையைப் பற்றி ஒரு கேள்வி. ஒரு மணிக்கு மிக்சி வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் பிழையோடு திரும்பியிருப்பார்கள். உடனே மறுபடி அழுத்தியவருக்குக் கிடைத்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு முறை அழுத்திப் பதில் வருவதற்கே ஐந்து நொடி ஆகும். கொழும்பில் இருப்பவர் அதற்குள் மூன்று முறை அழுத்திவிடுவார். முதல் முறையில் குறைந்தபட்சம் வரிசை இருந்தது.

கொட்டகலைக்காரி, 30 ஒக்டோபர் 2024, இரவு 11.10

ஐந்தில் நால்வர் திரும்பினார்கள். நீங்கள் சொல்வது நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இணைப்பைப் பற்றி நான் எழுத இருந்ததும் இதுதான். மிக்சி எந்த ஊர்களுக்குப் போனது என்று பார்க்க முயன்றேன். பலர் தோட்டத்து முகவரிக்குப் பதிலாக நகரத்துக் கடையின் முகவரியைக் கொடுப்பதால் எதையும் பிரித்தறிய முடியவில்லை. வரிசை எண் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே விடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு விற்பனைக்குள் அது வராது.

தரவுத்தளத்தார், 31 ஒக்டோபர் 2024, காலை 9.00

வரிசை எண்ணும் தீர்வாகாது. முதலில் தளத்தை அடைபவருக்குத்தானே முதல் எண்? குலுக்கல் முறையில்தான் எல்லோரும் சமம். வியாபாரிகள் அதை விரும்புவதில்லை.

கொட்டகலைக்காரி, 11 நவம்பர் 2024, அதிகாலை 1.40

வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தேன், மறுபடியும் அதே சன்னல் ஓரம். விற்பனை முடிந்த கையோடு எழுதுகிறேன்.

இந்த முறைச் சோதனையில் பத்தில் ஒன்பது கொள்முதல் ஒரே பொருளுக்கு. போலி வங்கிக்குச் சென்ற ஆண்டின் உண்மையான தாமதங்களைக் கொடுத்தோம், மெதுவானவையும் சேர்த்து. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நொடிக்கு ஐந்து பேர் வந்துகொண்டே இருந்தார்கள். பழைய மென்பொருளை இந்தச் சோதனையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். பதினான்காவது நொடியில் விழுந்தது.

இன்று அதே குக்கர், அதே 500. 96 நொடியில் எல்லாம் ஒதுக்கப்பட்டுவிட்டது. `p99` அதிகபட்சம் 610 மில்லி நொடி. முடிந்தவற்றின் கோட்டையும் முடியாமல் இருப்பவற்றின் எண்ணையும் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். பெரும்பாலும் அவற்றைத்தான் பார்த்தேன்.

12.10 தொடங்கி, பணம் கட்டாத 61 குக்கர்கள் ஒவ்வொன்றாக இருப்புக்குத் திரும்பின. திரும்பியது ஒவ்வொன்றும் சில நொடிகளிலேயே போய்விட்டது. "தீர்ந்துவிட்டது" என்று பார்த்துத் தளத்தை மூடியவர்களுக்கு அது தெரிந்திருக்காது, மூடாமல் அழுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. லிந்துலைப் பேரன் கேட்டது வேறு வாசலால் திரும்பி வந்திருக்கிறது. "சில பொருள்கள் பத்து நிமிடத்தில் திரும்பி வரலாம்" என்று பக்கத்தில் எழுதவேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வீட்டு அக்காவிடம் மாலையில் கேட்டேன். சென்ற மாதமே ஹட்டனில் ஒரு கடையில் குக்கர் வாங்கிவிட்டாராம். முழு விலை, மூன்று தவணை. "கையில் கொடுத்தால் கையில் வாங்கலாம்" என்றார். பிறகு உள்ளே போய், அதில் சமைத்த சோற்றை ஒரு தட்டில் போட்டு எடுத்து வந்தார்.

பண்டாரவளை வாசகர், 11 நவம்பர் 2024, காலை 7.05

பூலைப் பிரித்தீர்களா?

கொட்டகலைக்காரி, 11 நவம்பர் 2024, காலை 7.30

பிரித்தோம். உலாவுபவர்களுக்கு முப்பது, வாங்குபவர்களுக்கு இருபது. இன்று இருபதில் ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் போகவில்லை.